பேரனின் ஸ்கேன், தாத்தாவின் ஸ்கேன்: எதற்கு அவசரம்?

கேள்வி

என் மகனுக்கு ஏழு மாதம். தலை பெரிதாக இருக்கிறதென்று உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். 'மூளையின் முன்பக்கத்தைச் சுற்றியுள்ள நீர் இடைவெளி அகன்றுள்ளது, வென்ட்ரிக்கிள்கள் லேசாகப் பெரிதாக உள்ளன, ஹைட்ரோகெஃபாலஸ்?' என்று கேள்விக்குறியோடு ரிப்போர்ட் வந்தது. பிறந்தபோது தலைச் சுற்றளவு 36 செ.மீ., மூன்றாம் மாதம் 42, ஆறாம் மாதம் 46, இப்போது 46.7. நன்றாகச் சிரிக்கிறான், குப்புற விழுகிறான், பால் குடிக்கிறான். தானாக உட்காருவதுதான் இன்னும் வரவில்லை. என் கணவருக்கும் தலை பெரிதுதான்.

அதே மாதம் என் அப்பா (74) கீழே விழுந்ததால் அவருக்கு சி.டி. எடுத்தோம். 'வென்ட்ரிக்கிள்கள் விரிந்துள்ளன, எவான்ஸ் இன்டெக்ஸ் 0.36, வயதுக்குரிய மூளைச் சுருக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக நடை மெதுவாகிவிட்டது, கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது என்பார். ஒரு வருடமாக பாத்ரூம் போவதற்குள் சிறுநீர் போய்விடுகிறது. சமீபமாக மறதியும் உண்டு. வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார்.

குழந்தைக்கு உடனே ஆபரேஷன் வேண்டுமா? தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்த நோயா இது? தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாலோ மாத்திரை சாப்பிட்டாலோ தலையில் இருக்கும் நீர் வற்றுமா?

பதில்

உங்கள் பயம் முழுக்க மகன் பக்கம் இருக்கிறது. அப்பாவைப் பற்றி, வயதுதானே என்று ஓரளவு ஆறுதலோடு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், நான் இதைத் திருப்பிப் போடுவேன். குழந்தையின் ரிப்போர்ட் அவன் தலை அளவோடு சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் ஆபத்தில்லாத ஒன்றைத்தான் காட்டுகிறது. அப்பாவின் ரிப்போர்ட்டை அவர் நடையோடு சேர்த்துப் படித்தால், அதில் சிகிச்சைக்கு வழியுள்ள ஒரு நோய் இருக்கலாம். ஒரு கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. எந்தப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்ல இது போதும்.

முதலில் இந்த நீரைப் பற்றி. மூளைக்குள் வென்ட்ரிக்கிள்கள் என்ற நான்கு அறைகள் உண்டு. அவற்றின் உள்ளே இருக்கும் ரத்த நாளப் பின்னல் ஒன்றுதான் இந்த நீரின் பெரும்பகுதியைச் சுரக்கிறது. பெரியவர்களுக்கு மணிக்கு ஏறக்குறைய 20 மி.லி., அதாவது நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு. ஆனால் எந்த நேரத்தில் பார்த்தாலும் தலையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் சேர்த்து 150 மி.லி. போலத்தான் இருக்கும். மீதி எங்கே போகிறது? அறைகளிலிருந்து குறுகலான வழிகளில் வெளியேறி, மூளையின் மேற்பரப்பைச் சுற்றி ஓடி, ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை முழு நீரும் புதிதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் குடிக்கும் தண்ணீரின் அளவுக்கும் இந்தச் சுரப்புக்கும் தொடர்பில்லை. அதனால் குழந்தைக்குப் பாலையோ அப்பாவுக்குத் தண்ணீரையோ தயவுசெய்து குறைக்காதீர்கள். குழந்தைக்கு வளர்ச்சி கெடும், அப்பாவுக்கு மயக்கம் வந்து மறுபடி விழுவார். சுரப்பைக் குறைக்கும் அசெட்டசோலமைடு என்ற மாத்திரை இருப்பது உண்மை. ஆனால் ஹைட்ரோகெஃபாலஸுக்கு நீண்டநாள் தீர்வாக அது நிற்பதில்லை. உங்கள் இருவர் விஷயத்திலும் அதற்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை.

குழந்தைக்கு அளவு நாடாதான் முக்கியம்

ஏழு மாதக் குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இணைந்திருக்காது. உள்ளே நீர் சேர்ந்து அழுத்தம் கூடினால் எலும்புகள் விலகி இடம் கொடுக்கும், தலை வளரும். அதனால் தலைவலி, பார்வை மங்கல் என்று பெரியவர்களிடம் தெரியும் அறிகுறிகளுக்கு முன்பே குழந்தையிடம் நாடாவில் தெரிந்துவிடும். ஸ்கேன் படத்தைவிட மாதாமாதம் எடுத்த சுற்றளவு எண்களை நான் முதலில் கேட்பது இதனால்தான்.

உங்கள் மகனின் எண்களைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆண் குழந்தையின் சராசரி தலைச் சுற்றளவு பிறக்கும்போது 34.5 செ.மீ., மூன்றாம் மாதம் 40.5, ஆறாம் மாதம் 43.3, ஏழாம் மாதம் 44. அட்டவணையின் மேல் கோடு ஆறாம் மாதத்தில் 45.8, ஏழாம் மாதத்தில் 46.4 பக்கம் போகும். உங்கள் மகன் பிறந்தபோதே சராசரிக்கு மேல்தான். மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் சராசரிக் குழந்தைக்கு மூன்று செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வளரும். இவனுக்கு நான்கு வளர்ந்து, மேல் கோட்டைத் தாண்டிவிட்டான். உங்கள் மருத்துவர் ஸ்கேன் கேட்டது இதைப் பார்த்துத்தான், சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் ஆறிலிருந்து ஏழாம் மாதத்துக்கு 0.7 செ.மீ. மட்டுமே கூடியிருக்கிறது. அந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் கூடும் அளவே அது. கோட்டைத் தாண்டிய பிறகு அதற்கு இணையாகப் போகத் தொடங்கியிருக்கிறான். ஒரே ஒரு மாத இடைவெளி என்பதால் இதை இப்போதே முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் நல்ல திசைதான்.

ரிப்போர்ட்டில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அகன்றிருப்பது பிரதானமாக எந்த இடம் என்பது. மூளைக்கு வெளியே, முன்பக்கத்து இடைவெளி. உள்ளே இருக்கும் அறைகள் 'லேசாக' மட்டுமே பெரிது. நீர் வெளியேறும் குறுகிய வழி ஒன்று அடைபட்டிருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும்: அறைகள் ஊதிப் பெருத்து, மூளை வெளிப்பக்கமாக நெருக்கப்பட்டு, சுற்றியுள்ள இடைவெளி ஒடுங்கிப் போயிருக்கும். உங்கள் மகனுக்கு அப்படி இல்லை. பெரிய தலை, வெளி இடைவெளி அகலம், அறைகள் ஏறக்குறைய சாதாரணம், சுறுசுறுப்பான குழந்தை, அப்பாவுக்கும் பெரிய தலை. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் குழந்தைப் பருவத்தில் தானாகச் சரியாகும் இடைவெளி விரிவு என்ற நிலையைத்தான் நினைப்போம். நீரை ரத்தத்துக்குள் இழுக்கும் அமைப்பு முதிர்ச்சியடையக் கொஞ்சம் தாமதமாவதே காரணம் என்று கருதப்படுகிறது. மூன்று மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் தலை வேகமாக வளரும், பிறகு வேகம் அடங்கும். இரண்டு வயது வாக்கில் இடைவெளியும் குறைந்துவிடும். தலை பெரிதாகவேதான் இருக்கும். அதற்கு ஆபரேஷனும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

உங்கள் கணவரின் தலையை ஒரு நாடா வைத்து அளந்து, அந்த எண்ணையும் மருத்துவரிடம் கொடுங்கள். வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் பல நேரம் ஒரு எம்.ஆர்.ஐ.யைத் தவிர்த்துக் கொடுக்கும் எண் அது.

ஒரு எச்சரிக்கை. இதே ஸ்கேன் படம் தலை சிறிதாக உள்ள, அல்லது வளர்ச்சிக் கோட்டில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் நான் இவ்வளவு நிம்மதியாக எழுதியிருக்க மாட்டேன். அங்கே இடைவெளி அகன்றிருப்பதன் பொருள், மூளை வளரவில்லை என்பதாக இருக்கலாம். படம் ஒன்றுதான், நாடா சொல்லும் பதில் வேறு.

இன்னொன்று, அல்ட்ராசவுண்ட் பார்த்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: அந்த இடைவெளியின் குறுக்கே ரத்தக் குழாய்கள் ஓடுவது தெரிந்ததா? தெரிந்தால் நீர் அதன் இயல்பான இடத்தில்தான் இருக்கிறது. குழாய்கள் மூளையின் மேல் அழுத்தப்பட்டு, அவற்றுக்கு வெளியே நீர் தனியாக நின்றால் அது சப்டியூரல் எனப்படும் வேறு அடுக்கில் சேர்ந்த நீரோ ரத்தமோ ஆகலாம். அதைக் கட்டாயம் மேலே ஆராய வேண்டும், எம்.ஆர்.ஐ. அங்கே தேவைப்படும். இடைவெளி அகன்ற குழந்தைகளுக்குச் சின்ன அடியிலும் அப்படி ரத்தம் கசிய வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், கட்டிலிலிருந்து விழுந்தால் சாதாரணமாக விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள். குழந்தைக்கு சி.டி. எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், அவசரம் இல்லாதவரை வேண்டாம் என்பேன். கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் இருக்கின்றன.

உட்காராதது பற்றி: துணையில்லாமல் உட்காருவது ஒன்பது மாதம் வரைகூடத் தள்ளிப்போகலாம். பாரமான தலையைச் சுமக்கும் குழந்தை இதில் கொஞ்சம் பின்தங்குவதும் உண்டு, பெரும்பாலும் பிறகு சரியாகிவிடும். மாதம் ஒருமுறை ஒரே நபர், நெகிழாத நாடாவால், புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கிப் பின்மண்டையின் அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். வீட்டில் மாற்றி மாற்றி ஆட்கள் அளந்தால் அரை செ.மீ. பிழை வரும், அந்த அரை செ.மீ. உங்களைத் தூங்க விடாது.

காத்திருக்காமல் ஓட வேண்டிய நிலைமைகளும் உண்டு. குழந்தை அழாமல் நிமிர்ந்த நிலையில் இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து இறுக்கமாக இருப்பது (அழும்போது புடைப்பதும், லேசாகத் துடிப்பதும் இயல்பு), திரும்பத் திரும்ப வாந்தி, பாலை மறுத்துச் சோர்ந்து தூங்குவது, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விடுவது. தலை மறுபடி வேகமெடுத்து கோட்டை விட்டு விலகினாலும் அப்படித்தான். அப்போது இது வேறு நோய், ஆபரேஷன் பேச்சு நியாயமானது. வழி அடைபட்டிருந்தால் எண்டோஸ்கோப் வைத்து உள்ளேயே மாற்றுப் பாதை திறப்பதும், ஷண்ட் என்ற குழாய் வைத்து நீரை வயிற்றுக்குள் இறக்குவதும் இருக்கும் இரண்டு வழிகள். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட் முதல் வருடத்திலேயே அடைத்துக்கொள்வதோ தொற்று வருவதோ அரிதல்ல. பாதுகாப்புக்காக வைத்துவிடுவோம் என்று யாரும் வைக்கக் கூடாதது அது.

அப்பாவுக்கு நடைதான் சாட்சி

எவான்ஸ் இன்டெக்ஸ் என்பது எளிய கணக்கு. முன்பக்க வென்ட்ரிக்கிள்களின் அதிகபட்ச அகலத்தை, அதே படத்தில் மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுக்க வேண்டும். 4.8 செ.மீ.யை 13.4 செ.மீ.யால் வகுத்தால் 0.36 வரும். 0.3ஐத் தாண்டினால் அறைகள் பெரிது என்று எடுத்துக்கொள்வோம். ஏன் பெரிது என்பதை இந்த எண் சொல்லாது.

வயதில் மூளை சுருங்கினால், உடம்பு மெலிந்தவரின் சட்டை தொளதொளப்பது போல, காலியான இடத்தை நீர் நிரப்பிக்கொள்ளும். அறைகள் பெரிதாகும், மூளை மடிப்புகளுக்கு இடையிலான பள்ளங்களும் எல்லா இடத்திலும் அகலும். அங்கே நீர் நோய்க்குக் காரணமில்லை, அதை வடித்தும் பயனில்லை. இன்னொரு வகையில் நீரின் ஓட்டமே கெட்டு அறைகள் விரிகின்றன. இடுப்பில் ஊசி போட்டு அழுத்தம் பார்த்தால் சாதாரணமாகவே இருக்கும். 1965இல் ஹக்கீம், ஆடம்ஸ் உள்ளிட்ட மருத்துவர்கள் விவரித்த இந்த நோயைச் சாதாரண அழுத்த ஹைட்ரோகெஃபாலஸ் என்கிறோம். இதில் மண்டையின் உச்சியில் உள்ள பள்ளங்கள் நெருங்கி ஒடுங்கியும், பக்கவாட்டுப் பெரிய பள்ளங்கள் அகன்றும் இருக்கும். ஆக, உச்சிப் பள்ளம் அகலமா ஒடுக்கமா என்பதே ரேடியாலஜிஸ்டிடம் நீங்கள் கேட்க வேண்டியது. அதே சி.டி.யை முன்பக்கத்திலிருந்து பார்க்கும் கோணத்தில் மறுபடி அமைத்து, இரு வென்ட்ரிக்கிள்களுக்கும் நடுவே உள்ள கலோசல் கோணத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 90 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் இந்த நோயின் பக்கம் சாயும். எம்.ஆர்.ஐ.யில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

'வயதுக்குரிய சுருக்கம்' என்று எழுதியவர் தவறு செய்துவிட்டார் என்று சொல்ல வரவில்லை. விழுந்தவருக்கு ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க எடுத்த சி.டி. அது. நடையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வரிசை. முதலில் நடை, ஒரு வருடம் கழித்து சிறுநீர், கடைசியில் மறதி. இந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான் வரும். மறதி நான்கைந்து வருடம் முன்னால் தொடங்கி, நடை நன்றாக இருந்திருந்தால் அல்ஸைமர் போன்றதைத்தான் முதலில் தேடுவேன். கால் தரையில் ஒட்டுவது, சிறிய எட்டு, பாதங்களை அகட்டி வைப்பது, திரும்பும்போது பல எட்டுகள் எடுப்பது இதற்கு உரிய நடை. நடக்கும்போது அவர் கை வீச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பார்கின்சனில் கை வீச்சு குறைந்து, பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகப் பாதிக்கும். இந்த நோயில் கைகள் ஓரளவு நன்றாகவே வீசும். கழுத்துத் தண்டுவட நெருக்கம், இடுப்பு நரம்பு நெருக்கம், புராஸ்டேட் வீக்கம் ஆகியவையும் இதே புகார்களைத் தரும். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதால் நரம்பியல் மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்த படி, நீர் எடுத்துப் பார்க்கும் சோதனை. இடுப்பில் ஊசி வழியாக 30 முதல் 50 மி.லி. நீரை எடுத்துவிட்டு, நடை மாறுகிறதா என்று பார்ப்பார்கள். எடுப்பதற்கு முன் பத்து மீட்டர் நடக்க எத்தனை விநாடி, எத்தனை எட்டு என்று எண்ண வேண்டும். எடுத்த பிறகு சில மணி நேரத்திலும் மறுநாளும் அதே தூரத்தை நடக்க வைத்து ஒப்பிட வேண்டும். உதாரணமாக 30 எட்டும் 24 விநாடியும் எடுத்தவர், பிறகு 20 எட்டில் 15 விநாடியில் நடந்தால் அது தெளிவான முன்னேற்றம். நீங்களும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், 'நல்லாத்தான் நடக்கிறார்' என்று வீட்டார் சொல்வது ஆசையில் சொல்வதாகவும் இருக்கும். முன்னேற்றம் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அந்தச் சோதனை சிலரைத் தவறவிடும். சந்தேகம் வலுவாக இருந்தால் சில நாட்கள் மெல்லிய குழாய் வைத்து நீரை மெதுவாக வடித்துப் பார்ப்பார்கள்.

தேறினால் ஷண்ட் பற்றிப் பேசுவார்கள். அதில் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. நடை திரும்பும் வாய்ப்பே அதிகம், சிறுநீர்க் கட்டுப்பாடு அடுத்து, மறதி கடைசி. எதிர்ப்பக்கம், தொற்று, குழாய் அடைப்பு, நீர் அளவுக்கு மீறி வடிந்து மூளைக்கு வெளியே ரத்தம் கசிவது ஆகிய ஆபத்துகள் உண்டு. வடியும் அளவை வெளியிலிருந்தே காந்தக் கருவியால் மாற்றக்கூடிய வால்வுகள் இப்போது இருப்பதால், கடைசி ஆபத்தை ஓரளவு சமாளிக்கலாம். அந்த வால்வு வைத்தவர் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால், அமைப்பு மாறியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பல வருடம் தள்ளிப்போட்டு, நடக்கவே முடியாத நிலைக்கு வந்த பிறகு வைக்கும் ஷண்ட் அவ்வளவாகப் பலன் தருவதில்லை. அப்பாவுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனியும் மாதக்கணக்கில் போக வேண்டாம். அவர் மறுபடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் கதையே மாறிவிடும்.

பரம்பரையா?

இல்லை. மகனுக்கு இருப்பதாக நான் நினைப்பது உங்கள் கணவரின் குடும்பத்துப் பெரிய தலையோடு சம்பந்தப்பட்டது. உங்கள் அப்பாவுக்கு இருப்பதாகச் சந்தேகிப்பது முதுமையில் வரும் வேறொரு கோளாறு. ஒரே மாதத்தில் இரண்டு ஸ்கேனும் வந்ததால் ஒன்றாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். மூளைச் சுருக்கமாகவே இருந்தாலும் அது பேரனுக்கு வந்ததாக ஆகாது.

குளோபிடோக்ரெல்

இதை நரம்பியல் மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையோடு இடுப்பில் ஊசி போட்டால் தண்டுவடப் பகுதியில் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால், பொதுவாக ஊசிக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்து எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பொறுத்து, நிறுத்துவதே ஆபத்தாகவும் இருக்கலாம். புதிய ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. அதனால் நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்த தேதியும் வகையும் எழுதிய டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துக்கொண்டு, இதய மருத்துவரிடம் எழுத்தில் கருத்து வாங்கிப் போங்கள். நிறுத்த முடியாது என்று அவர் சொன்னால் சோதனையைத் தள்ளிவைத்து, அதுவரை எம்.ஆர்.ஐ.யும் நடைப் பரிசோதனையும் முடித்து வைத்துக்கொள்ளலாம்.